அச்சுப்படுகையும் கைவிரல் எண்ணெயும்



கணினியில் வரைந்த ஓர் உருவத்தைப் பிளாஸ்ரிக்கினாற் பொருளாகவே ஆக்கித் தருகின்ற முப்பரிமாண அச்சுப்பொறியைப் பற்றி உங்களிற் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். சிலர் அதனைக் கையாண்டும் இருப்பீர்கள். அப்பொறியின் பெருமையை இன்று நான் பேச வரவில்லை. அதன் அடியிலே கிடக்கின்ற ஒரு தட்டைப் பற்றியும், அத்தட்டைக் கழுவும் முறையைப் பற்றியுமே பேச விரும்புகின்றேன். கழுவுவதைப் பற்றி ஒரு பேச்சா என்று நீங்கள் வியக்கலாம். ஆயின் இப்பொறியிற் பாழாகின்ற வேலைகளிற் பெரும்பகுதி அத்தட்டிலேதான் பாழாகின்றது. அதற்குக் காரணமாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணெய்ப் பூச்சேயாகும்.

பொறி வேலை செய்யும் வகையை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். ஒன்றே முக்கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்ரிக் இழையொன்று சூடான குழல்முனைக்குள்ளே தள்ளப்படுகின்றது. அங்கே அது ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இளகி, நூல் போன்ற ஒழுக்காய் வெளிவந்து, கீழேயுள்ள தட்டின்மீது கோடு கோடாகப் படிகின்றது. ஒரு படை முடிந்ததும் அதன்மேல் மறுபடை. ஒவ்வொரு படையும் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவினதே. இவ்வாறு நூற்றுக்கணக்கான படைகள் அடுக்கப்பட்டே பொருள் உருவாகின்றது. இந்தத் தட்டையே அச்சுப்படுகை என்கிறோம். பட்டறையில் அதனைப் ‘பெட்’ என்றே வழங்குவர்.

முதற்படை படுகையை விடாது பற்றிக்கொண்டால் மற்றைப் படைகள் யாவும் ஒழுங்காக அமையும். முதற்படை சற்றே விலகினாலும், அதன்மேல் எழும் கட்டடம் முழுவதும் கோணிவிடும். இத்தனைக்கும் அந்தப் பற்றுக்குப் பசையுமில்லை, ஆணியுமில்லை. இளகிய பிளாஸ்ரிக் தட்டின் பரப்பை மிக நெருங்கித் தழுவும்பொழுது, ஒன்றன் மூலக்கூறுகள் மற்றொன்றன் மூலக்கூறுகளை இழுக்கின்ற சிறுவிசையே அதனைப் பிடித்து வைத்திருக்கின்றது. அவ்விசை மிகமிகக் குறுகிய தூரத்துக்குள்ளே மாத்திரந்தான் செயற்படும். இடையிலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் புகுந்துவிட்டால், பிளாஸ்ரிக் தட்டைத் தொடுவதில்லை, எண்ணெயையே தொடுகின்றது. எண்ணெயோ தன்னளவில் வலுவற்றது. எளிதில் வழுவி விலகுவது. ஆகவே தட்டு எவ்வளவு நல்லதாயினும் அதன் நன்மை பிளாஸ்ரிக்கை எட்டுவதேயில்லை.

பற்று இவ்வாறு குறைகின்ற வேளையில், எதிர்ப்புறமிருந்து ஓர் இழுப்பும் வேலை செய்கின்றது. இளகிய பிளாஸ்ரிக் ஆறும்பொழுது சுருங்கும். மேலே படிகின்ற ஒவ்வொரு படையும் சுருங்கித் தன் கீழுள்ள படையை உள்நோக்கி இழுக்கின்றது. இந்த இழுப்பு மூலைகளிலேதான் மிகுதியாகத் திரளும். அதனாலேதான், அகன்ற தட்டையான பொருளொன்றை அச்சிடும்பொழுது அதன் நடுப்பகுதி அமைதியாக இருக்க, மூலை மட்டும் தாளின் ஓரம் சுருள்வது போல மேலெழுகின்றது. பற்றும் இழுப்பும் ஒன்றோடொன்று போராடுகின்ற இடம் மூலை. அந்த மூலையிற் கைபட்டிருந்தால் போராட்டம் தொடங்கு முன்னரே முடிந்துவிடும்.

இந்த எண்ணெய் எங்கிருந்து வருகின்றது? நமது உள்ளங்கையிலும் விரல்நுனியின் உட்புறத்திலும் நெய்ச்சுரப்பிகள் இல்லை. அங்கிருப்பவை வியர்வைச் சுரப்பிகளே. எனினும் நாம் நாள் முழுவதும் நெற்றியைத் துடைக்கின்றோம், மூக்கைத் தொடுகின்றோம், தலைமயிரைக் கோதுகின்றோம். அங்குள்ள நெய் விரலுக்கு மாறுகின்றது. தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயும் அதனுடன் சேரும். ஆகவே ஒரு கைரேகை என்பது எண்ணெய் மட்டுமன்று. அதிலே கொழுப்பு உண்டு. வியர்வை உலர்ந்தபின் எஞ்சிய உப்பும் உண்டு. இவ்விரண்டும் இருவேறு இயல்பின. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கழுவும் முறை முழுவதும் இதிலிருந்தே பிறக்கின்றது.

இனி, நான் அருகிலிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். பார்வைக் குறைபாடுடைய மாணவி ஒருத்திக்குக் கேத்திரகணித உருவங்களைத் தொட்டறியும் வகையிற் செய்துகொடுக்க எமது பாடசாலை மாணவர் சிலர் முன்வந்தனர். 150 மில்லிமீற்றர் நீளமும் அதே அகலமும் கொண்ட பலகைகள் பத்து. ஒவ்வொன்றிலும் முக்கோணமோ வட்டமோ புடைத்த கோடுகளாக அமையவேண்டும். ஒரு பலகைக்கு நான்கு மணி நேரமும் ஏறக்குறைய 60 கிராம் இழையும் செல்லும். தவணைப் பரீட்சைக்கு மூன்று வாரமே இருந்தது.

முதலிரு பலகைகள் நன்றாக வந்தன. மூன்றாவதன் முன்பக்க இடது மூலை, ஒரு மணி நேரத்துக்குள் எழும்பியது. நான்காவதும் ஐந்தாவதும் அவ்வாறே. மூலை எழும்பிய பலகையை மேசையில் வைத்தால் ஆடும். மூலையருகே குழல்முனை உராய்ந்து கோடுகளும் சிதைந்திருந்தன. கண்ணாற் பார்ப்பவனுக்கு அது சிறு குறையாகத் தோன்றலாம். விரலாற் படிப்பவளுக்கோ கோணம் பிழையான முக்கோணம் அது.

மாணவர் படுகையின் வெப்பத்தை 60 பாகையிலிருந்து 70 பாகைக்கு ஏற்றினர், பயனில்லை. குழல்முனையைச் சற்றுத் தாழ்த்தினர். முதற்படை நசுங்கியதேயன்றி மூலை அடங்கவில்லை. அப்பொழுது அவர்களுள் ஒருவன் நல்லதொரு யோசனை சொன்னான். அப்பொறியின் படுகை, காந்தத்தினால் ஒட்டிக்கொள்ளும் சதுரமான உருக்குத் தகடு, கழற்றி எடுக்கக்கூடியது. அதனை அரைச்சுற்றுத் திருப்பி வைத்து அச்சிட்டுப் பார்ப்போம் என்றான். குற்றம் பொறியில் இருந்தால் மறுபடியும் முன்பக்க இடது மூலையே எழும்பும். குற்றம் தகட்டில் இருந்தால் எழும்பும் இடம் தகட்டோடு சேர்ந்து பின்பக்க வலது மூலைக்குப் போகும். அவ்வாறே செய்தனர். பின்பக்க வலது மூலையே எழும்பியது. குற்றம் தகட்டிலே உண்டென்பது ஐயமின்றித் தெளிவாயிற்று.

ஏன் அந்த ஓரிடம் மட்டும்? முடிந்த பொருளைப் பிரிப்பதற்குத் தகட்டை வெளியே எடுத்து வளைக்கவேண்டும். வளைப்பவன் இடக்கையாற் பற்றும்பொழுது அவனுடைய கட்டைவிரல் முழுவதும் தகட்டின்மேற் படிந்தது. பலகையின் மூலை அமையவேண்டிய இடமும் அதுவே. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரு விரல், அவ்வளவுதான்.

காரணம் தெரிந்ததும் மாணவர் ஐசோபுரோப்பைல் அற்ககோலினாற் தகட்டைத் துடைத்தனர். அடுத்த பலகை நன்றாக வந்தது. அதற்கடுத்ததிலோ ஒரு மூலை அன்று, இரண்டு மூலைகள் எழும்பின. அற்ககோல் இட்டும் நிலைமை முன்னையிலும் மோசமாகிவிட்டதே என்று அவர்கள் திகைத்தனர். உண்மையில் இங்கேதான் பலரும் தடுமாறுகின்றனர். ஆகவே அற்ககோல் என்ன செய்கின்றது, சவர்க்காரம் என்ன செய்கின்றது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும்.

அற்ககோல் எண்ணெயைக் கரைக்கும். ஆனாற் கரைப்பதும் அகற்றுவதும் ஒன்றல்ல. அற்ககோல் விரைவில் ஆவியாகும் திரவம். தட்டில் இட்டதும் எண்ணெய் அதிற் கரைந்து, அதனுடன் பரந்து செல்கின்றது. சில கணங்களில் அற்ககோல் ஆவியாகிவிடும், எண்ணெய் ஆவியாவதில்லை. துணி எவ்வளவை உறிஞ்சியதோ அவ்வளவுதான் நீங்கும்; மீதி தட்டிலேயே பரந்த மெல்லிய படலமாய்த் தங்கும். எமது மாணவர் இரண்டு வாரமாக ஒரே துணித்துண்டைப் பயன்படுத்தி வந்தனர். முன்னைய நாட்களின் எண்ணெய் முழுவதும் அத்துணியில் இருந்தது. அற்ககோல் அதனைக் கரைத்து மீண்டும் தகட்டின்மேற் பூசியது. ஒரு விரலடியில் இருந்த அழுக்கு இவ்வாறு தகடெங்கும் பரவியது. மேலும், கைரேகையிலுள்ள உப்பு செறிந்த அற்ககோலிற் கரைவதே இல்லையெனலாம். சீனி கலந்த பானத்தின் துளியும் அத்தகையதே.

சவர்க்காரமும் நீரும் வேறு வகையில் வேலை செய்கின்றன. சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயை நாடும்; மறுமுனை நீரை நாடும். எண்ணெய்த் துளியைச் சுற்றிச் சூழ்ந்து, அதனைப் பரப்பிலிருந்து பெயர்த்து, நீரிலே மிதக்கவிடும். ஓடுகின்ற நீர் அதனை அள்ளிக்கொண்டு போய்விடும். உப்பும் சீனியும் நீரிற் கரைந்து செல்லும். இங்கே அழுக்கு இடம் மாறுவதில்லை. தட்டை விட்டே அகன்றுவிடுகின்றது. ஆகவே முறை இதுவாகும்: அடிப்படைச் சுத்தம் சவர்க்காரத்தினாலும் நீரினாலும், இடையிடையே செய்யும் சிறு துடைப்பு அற்ககோலினால். பின்னது முன்னதற்கு ஈடாகாது.

இனிக் கழுவும் வகை. பொறியை நிறுத்தி, படுகை நன்றாக ஆறியபின் தகட்டை ஓரத்திற் பிடித்து எடுங்கள். கை பொறுக்கும் அளவு சூடான நீரில் நனைத்து, பாத்திரங் கழுவும் திரவம் சில துளிகள் இட்டு, புதிய மென்பஞ்சினாற் பரப்பு முழுவதையும் ஒரு நிமிடம் தேயுங்கள். பஞ்சு புதியதாயிருத்தல் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கின்றேன். கறிச்சட்டி கழுவிய பஞ்சில் தேங்காயெண்ணெய் ஊறியிருக்கும். அதனாற் தேய்ப்பது எண்ணெய் பூசுவதற்கே ஒப்பாகும். தகட்டின் பரப்பு சொரசொரப்பானதாயின் பள்ளங்களில் அழுக்குத் தங்கும்; அதற்கு மென்மையான தூரிகை நன்று. பின்னர் ஓடும் நீரில் நுரை முற்றாக நீங்கும்வரை அலசுங்கள். சவர்க்காரமும் எஞ்சினால் ஒரு படலமே. அலசியபின் தூய கடதாசித் துவாயினால் ஒற்றி உலர்த்தி, ஓரத்தையன்றி வேறெங்கும் தொடாமற் பொறியில் வையுங்கள். உருக்குத் தகட்டின் ஓரங்கள் துருப்பிடிக்கக்கூடும். ஆகையால் ஈரம் விடலாகாது.

படுகை கழற்ற முடியாததாயின் அதன்மேல் நீரை ஊற்றுதல் ஆகாது. அடியிலே மின்சாரச் சூடாக்கி இருக்கின்றது. மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்து, சவர்க்கார நீரிற் பிழிந்த துணியாலும், பின் வெறும் நீரிற் பிழிந்த துணியாலும் இருமுறை மூன்றுமுறை துடைத்து, முற்றாக உலர்ந்த பின்னரே பொறியை இயக்கவேண்டும்.

எந்தச் சவர்க்காரம், எந்த நீர் என்பதிலும் கவனம் தேவை. கையை மிருதுவாக்கும் என்று விற்கப்படும் குளியற் சவர்க்காரங்களில் எண்ணெயும் கிளிசரினும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருக்கும். தோலுக்கு நன்மையானது தட்டுக்குத் தீமை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள நேயர்களுக்கு இன்னொரு விடயம். அங்கே சுண்ணாம்புக்கற் பாறையிலிருந்து வரும் கிணற்று நீர் வன்னீர். கட்டிச் சவர்க்காரம் வன்னீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெண்ணிறப் பொருளாகித் தட்டிலே படியும். பாத்திரங் கழுவும் திரவம் அவ்வளவாக இவ்வாறு படிவதில்லை. எனினும் வன்னீர்த் துளிகளைத் தானாக உலரவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் எஞ்சும். எனவே அலசியவுடன் ஒற்றித் துடைத்துவிடவேண்டும். கடைசி அலசலுக்கு மழைநீர் கிடைத்தால் மிக நன்று.

அற்ககோல் வாங்கும்பொழுதும் எச்சரிக்கை வேண்டும். 90 வீதத்துக்கு மேற்பட்ட தூய ஐசோபுரோப்பைல் அற்ககோலே ஏற்றது. மருந்துக்கடையிற் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற் அதுவன்று. பிரித்தானிய மருந்து நூலின் முறைப்படி செய்யப்படும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்க்கப்படுகின்றது. கைகளுக்கு இடும் தொற்றுநீக்கித் திரவங்களிற் பெரும்பாலும் கிளிசரின் உண்டு. இவற்றாற் துடைத்துவிட்டு மூலை எழும்புகின்றதே என்று வருந்துவோர் உளர். நல்ல அற்ககோலைப் பயன்படுத்தும்பொழுது, ஒவ்வொரு முறையும் புதிய கடதாசித் துண்டை எடுத்து, ஒரே திசையில் துடைத்து, அதனை எறிந்துவிடுங்கள். தட்டு ஆறியிருக்கவேண்டும், சூட்டில் அற்ககோல் துடைக்கு முன்னரே ஆவியாகிவிடும். அதைவிட முக்கியம், அது எளிதில் தீப்பற்றுவது. நமது நாட்டின் சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி ஒரு பொறியினாற் பற்றிக்கொள்ளும். யன்னலைத் திறந்துவிட்டு, பொறியை நிறுத்திவிட்டு, நெருப்பில்லாத இடத்திற் கையாளுங்கள்.

தட்டுச் சுத்தமாயிற்றா என்று எவ்வாறு அறிவது? கண்ணாடித் தட்டாயின் அலசும்பொழுதே தெரிந்துவிடும். சுத்தமான கண்ணாடியில் நீர் ஒரே விரிப்பாகப் பரவி வழியும்; எண்ணெயுள்ள இடத்தில் நீர் விலகித் துளி துளியாகத் திரளும். பூச்சுள்ள உருக்குத் தகட்டில் இச்சோதனை அவ்வளவு தெளிவன்று. அங்கே முதற்படையையே பார்க்கவேண்டும். கோடுகள் தட்டையாக அமர்ந்து, ஒன்றோடொன்று இணைந்து, எங்கும் ஒரே தோற்றமாயிருந்தால் நன்று. ஓரிடத்தில் மட்டும் கோடு குழல்முனையோடு இழுபட்டுச் சுருண்டால் அவ்விடத்தில் அழுக்கு உண்டு.

எல்லாக் குற்றத்தையும் எண்ணெயின்மேற் சுமத்துவதும் நியாயமன்று. முதற்படைக் கோடுகள் எங்கும் உருண்டையாக, ஒன்றையொன்று தொடாமற் கிடந்தால் குழல்முனை உயர்ந்திருக்கின்றது, கழுவிப் பயனில்லை. நான்கு மூலைகளும் ஒரே அளவில் எழும்பினால், காற்றோட்டத்தையோ, பிளாஸ்ரிக்கின் சுருக்கத்தையோ முதலில் ஐயுறவேண்டும். ஏ. பீ. எஸ். என்னும் பிளாஸ்ரிக் மிகவும் சுருங்குவது. அதற்கு மூடிய அறையும் சூடான படுகையும் வேண்டும். தகட்டைத் திருப்பினால் குற்றமும் திரும்புகின்றதா என்ற அந்த மாணவனின் சோதனை, இவற்றைப் பிரித்தறிய எளிய வழி.

சுத்தம் மிகுந்து தீமையாகும் இடமும் ஒன்றுண்டு. வழமையான பீ. எல். ஏ. இழைக்குத் தட்டு எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நன்று. ஆனால் பீ. ஈ. ரி. ஜி. என்னும் இழை, பீ. ஈ. ஐ. என்ற பூச்சுள்ள வழுவழுப்பான தகட்டை அளவுக்கு மீறிப் பற்றும். அற்ககோலினாற் பளிச்சென்று துடைத்த தகட்டில் அதனை அச்சிட்டால், பிரிக்கும்பொழுது பூச்சும் துண்டாகப் பெயர்ந்து வரலாம்; கண்ணாடியிற் சில்லும் பெயரலாம். அத்தகைய இழைக்குத் தட்டை முதலிற் கழுவி, பின்னர் பசைக்குச்சியினாற் சீரான மெல்லிய பூச்சொன்று இடுவது வழக்கம். இதுவும் ஒரு படலந்தான். ஆனால் விரலெண்ணெய் போலத் திட்டுத்திட்டாக அன்றி, எங்கும் ஒரே அளவில், நாமறிந்து இட்ட படலம். வேலை முடிந்ததும் அது நீரிற் கரைந்து போகும்.

எமது மாணவர் அன்று மாலையே தகட்டைச் சூடான நீரிற் கழுவினர். பழைய துணியை எறிந்தனர். தகட்டை ஓரத்திலேயே பிடிப்பதென்றும், ஒவ்வொரு பலகைக்கும் முன்னர் புதிய கடதாசியில் அற்ககோல் நனைத்து ஒருமுறை துடைப்பதென்றும், ஐந்து பலகைக்கு ஒருமுறை கழுவுவதென்றும் தமக்குள் வகுத்துக்கொண்டனர். வெப்பத்தை மீண்டும் 60 பாகைக்கும், குழல்முனையைப் பழைய உயரத்துக்கும் கொண்டுவந்தனர். எஞ்சிய பலகைகள் யாவும் மூலை எழும்பாமல் முடிந்தன. பரீட்சைக்கு நான்கு நாள் முன்னதாகப் பத்தும் அம்மாணவியின் கைக்குச் சென்றன. அவள் முதலிற் செய்தது, ஒவ்வொரு பலகையையும் மேசைமீது வைத்து, ஆடுகின்றதா என்று மூலைகளை அழுத்திப் பார்த்ததே.